முகமனும் காலமும்

காலையில் கல்லூரி வாயிலினின்று தமிழ்த்துறைக்கு நடந்து வருவதற்குள் நாம் இருபது முறையேனும் முகமன் கூறிவிடுகிறோம். எதிர்ப்படும் மாணவருள் சிலர் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பர். சிலர் ‘வணக்கம் ஐயா’ என்பர். கடற்கரையூர்களிலிருந்து வரும் கத்தோலிக்க மாணவருள் ஓரிருவர், வீட்டுப் பெரியவர்களிடம் பழகிய வழக்கத்தால் ‘தோத்திரம்’ என்று தொடங்கி, நினைவு வந்து ‘வணக்கம்’ என்று முடிப்பதும் உண்டு. மூன்றுக்கும் உரிய மறுமொழியை மகிழ்ந்தே கூறுகிறோம். ஆயின் அதே மாணவர் நூலக வாயிலைக் கடந்ததும் செய்வதறியாது தடுமாறுவதைக் கண்டிருக்கிறோம். சிலர் காதருகே குனிந்து கிசுகிசுக்கின்றனர். சிலர் காணாதவர்போல் தலைகுனிந்து கடந்து செல்கின்றனர். இவ்விரண்டுள் எது முறையானது எனச் சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் நம்மை வினவினார். ‘படிப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்’ என்று ஒரு வரியில் விடை கூறி அனுப்பிவிட்டோம். அவ்விடையில் பாதிதான் உண்மை உண்டு. மறுபாதியை நாம் இழந்து கற்றவர் ஆதலின், அதனை இம்மலரில் எழுதிவைப்பது நம் கடன் ஆகிறது.

அது 2004ஆம் ஆண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிற்குத் தரவு தேடிச் சென்னை சென்றிருந்தோம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகத்தில் பகல் முழுதும் அமர்ந்திருப்பது அந்நாள் வழக்கம். ஒருநாள் முற்பகலில், நான்கு மேசைகளுக்கு அப்பால், பள்ளியில் நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அமர்ந்திருக்கக் கண்டோம். காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர், எதுகை மோனை என்னும் சொற்களை முதன்முதல் நம் காதில் இட்டவர். அவரைக் கண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுந்து ஓடிச் சென்று சலாம் உரைக்க வேண்டும் என்றே முதலில் தோன்றியது. ஆனால் அவரோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடக்கை விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, பழைய நூல் ஒன்றிலிருந்து எதையோ பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தார். விரல் தவறினால் வரி தவறும். முடிக்கட்டும், உணவுக்கு எழும்போது கூறலாம் என்று நாமும் நம் நூலில் குனிந்தோம். மீண்டும் நிமிர்ந்தபோது அவருடைய நாற்காலி வெறுமையாக இருந்தது. வெளியே வந்து மரத்தடிகளிலும் சாலையிலும் தேடினோம்; காணவில்லை. ஊருக்குச் சென்றதும் இல்லத்திற்கே சென்று காணலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஊர் திரும்ப மூன்று மாதங்கள் ஆயின. அதற்குள் அவர் வஃபாத்தாகியிருந்தார்.

அன்று காத்திருந்தது பிழையா என்னும் வினா நெடுநாள் நம்மை விட்டு அகலவில்லை. அவர் அருகே சென்று காதோடு காதாக ஒரு சலாம் கூறியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எண்ணுவோம். இவ்வினாவுக்கு விடை காண வேண்டின், கிசுகிசுத்தல் என்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எழுத்துகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியர், உள்ளிருந்து எழும் காற்று நிலைபெறும் இடங்களுள் மிடற்றையும் ஒன்றாக வைத்துள்ளார். நாம் இயல்பாகப் பேசும்போது மிடற்றிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. கிசுகிசுக்கும்போது அவை அதிர்வதில்லை. காற்று குறுகிய இடைவெளியில் உரசி வருகிறது. குரல் மறைந்து உரசல் மட்டும் எஞ்சுகிறது. ஆகவே உரசலால் பிறக்கும் ஒலிகள், கிசுகிசுப்பில் ஏனைய ஒலிகளைக் காட்டிலும் எடுப்பாகக் கேட்கும்.

இங்கே நம் முகமன் ஒன்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வணக்கம்’ என்னும் சொல்லில் உரசொலி இல்லை; அதனை மெல்லக் கூறினால் இரண்டு முழத்திற்குள் அடங்கிவிடும். ‘அஸ்ஸலாமு’ என்பதிலோ ஸகரம் இரட்டித்து நிற்கிறது. அமைதியான கூடத்தில் அதனைக் கிசுகிசுத்தால், பாம்பு சீறியது போன்ற ஓசை அடுத்த மேசைக்கும் சென்று சேரும். சொல் மட்டும் சேராது. காற்றாடியின் ஓயாத இரைச்சல் படிப்பவரைக் கலைப்பதில்லை. பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வரும் மனிதப் பேச்சே கலைக்கிறது. ஏனெனில் மனம் எஞ்சிய பாதியைத் தானே நிரப்ப முனைகிறது. எனவே நூலகத்தில் ஒரு சொல் கூறியே ஆகவேண்டும் எனின், கிசுகிசுத்தலினும், அருகே சென்று குரலைத் தாழ்த்தி இயல்பாகக் கூறுதலே நன்று. நூலகர்கள் இவ்வாறே பேசுவதை உற்று நோக்குவார் அறிவர்.

ஓசை அடங்கினும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. இஸ்லாமிய நெறியில் சலாம் கூறுதல் விரும்பத்தக்க நற்செயல். அதற்கு மறுமொழி கூறுதலோ கட்டாயக் கடமை. இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது. முகமன் கூறுபவர் தம் விருப்பத்தால் கூறுகிறார். ஆனால் கூறிய அக்கணமே கேட்டவர் தோளில் ஒரு கடனை ஏற்றிவிடுகிறார். அவர் விரலை வரியினின்று எடுக்க வேண்டும், நிமிர வேண்டும், முகத்தை அடையாளம் காண வேண்டும், வாய் திறக்க வேண்டும். கையில் வேலையில்லாதவர்க்கு இக்கடன் இன்பம். வேலையில் மூழ்கியவர்க்கோ நாம் நம் பையிலிருந்து கொடுப்பதாக எண்ணி அவர் பையிலிருந்தே எடுத்துவிடுகிறோம். இதனை உணர்ந்தே முன்னோர், சலாம் கூறலாகாத வேளைகளையும் வகுத்துவைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் வாழ்ந்த இமாம் நவவி ‘அல்அத்கார்’ என்னும் நூலில் இவற்றை எடுத்துரைக்கிறார். உறங்குபவர், குளியலறையில் இருப்பவர், வாயில் உணவுக் கவளம் உள்ளவர், தொழுதுகொண்டிருப்பவர் ஆகியோர் இவ்வரிசையில் வருவர். அனைவரும் உடனே மறுமொழி கூற இயலாத நிலையில் உள்ளவர் என்பது தெளிவு.

அங்ஙனமாயின் மௌனமே விதி என்று கொள்ளலாமோ எனின், அதுவும் அன்று. மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வறுமையுற்ற மூவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஆதரவில் தங்கியிருந்தனர். ஆட்டுப்பாலைக் கறந்து தத்தம் பங்கை அருந்திவிட்டு, நபியவர்களின் பங்கை எடுத்துவைப்பர். இரவில் நபியவர்கள் வருவார்கள். உறங்குபவரை எழுப்பாமலும் விழித்திருப்பவர்க்குக் கேட்கும்படியும் சலாம் கூறுவார்கள். இவ்விடத்தில் நாம் பலமுறை நின்று எண்ணியதுண்டு. உறங்குபவர் இருக்கின்றனர் என்பதற்காகச் சலாம் விடப்படவும் இல்லை. சலாம் நற்செயல் என்பதற்காக உறக்கம் கலைக்கப்படவும் இல்லை. ஓசையின் அளவு கூறுபவர் விருப்பத்தால் அமையவில்லை. அவ்வறையில் இருந்தோரின் நிலையால் அமைந்தது. கிசுகிசுத்த முகமனுக்கு இதனினும் சிறந்த அளவுகோலை நாம் அறியோம்.

தொழுகைக் கூடத்தில் இவ்வளவுகோலே வேறு வடிவம் கொள்கிறது. தொடக்க நாள்களில் தோழர்கள், நபியவர்கள் தொழுதுகொண்டிருக்கும்போதும் சலாம் கூறுவர். அவர்களும் மறுமொழி கூறுவார்கள். அபிசீனிய மன்னரிடம் அடைக்கலம் புகுந்திருந்து திரும்பிய அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) பழைய வழக்கப்படி சலாம் கூறினார், மறுமொழி வரவில்லை. தொழுகை தனக்கே உரிய ஈடுபாட்டை உடையது என்னும் கருத்தில் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. நெடுந்தொலைவிலிருந்து வந்த நெருங்கிய தோழருக்கே அன்று மறுமொழி தள்ளிவைக்கப்பட்டது. நம் கடற்கரையினர் பின்பற்றும் ஷாஃபியீ சட்ட வழியில், தொழுபவர் தமக்குச் சலாம் கூறியவரை விளித்து வாயால் மறுமொழி கூறின் தொழுகை முறிந்துவிடும். கையால் சிறு சைகை காட்டலாம், அல்லது தொழுது முடித்தபின் மறுமொழி கூறலாம்.

வெள்ளிக்கிழமை உரை நிகழும் வேளைதான் இவற்றுள் நுட்பமானது. காயல்பட்டினத்தின் குத்பாப் பெரிய பள்ளி முதலாகக் கடலோரப் பள்ளிகள் பலவற்றிலும் ஜுமுஆவுக்குக் கூடும் கூட்டத்தில் உறவினரும் கொழும்பிலிருந்து வந்தோரும் அரபு நாட்டிலிருந்து விடுமுறையில் வந்தோரும் கலந்திருப்பர். பல மாதங்கள் காணாத முகங்களை ஒரே இடத்தில் காணும் வேளை அது. பள்ளிகள் சிலவற்றில், உரைக்குச் சற்று முன் முஅத்தின் கையில் அஸா என்னும் கோலுடன் நின்று, இமாம் உரை நிகழ்த்தும்போது பக்கத்திலிருப்பவரிடம் ‘பேசாதீர்’ என்று கூறுவதும் வீண் பேச்சே என்னும் நபிமொழியை ஓதி நினைவூட்டுவார். பின்னர்க் கோலைக் கத்தீபிடம் அளிப்பார். கத்தீப் மிம்பரில் ஏறி, கூட்டத்தை நோக்கிச் சலாம் கூறுவார். அனைவரும் ஒருங்கே மறுமொழி கூறுவர். அதன்பின் வாய்கள் அடங்கும். ஆயிரம் பேர் தனித்தனியே கூறவேண்டிய முகமனை ஒருவர் பொதுவில் கூறி முடித்து வாயிலை அடைத்துவிடுவதாகவே நமக்கு அது தோன்றும்.

ஒருமுறை உள்நாட்டூர் நண்பர் ஒருவரை ஜுமுஆவுக்கு அழைத்துச் சென்றோம். அவர் ஹனஃபி வழியினர். உரை தொடங்கிய பின் வந்தமர்ந்த நம் தாய்மாமன், விருந்தினர் ஆயிற்றே என்னும் அன்பால், நண்பரின் பக்கம் குனிந்து மெல்லச் சலாம் உரைத்தார். நண்பர் அசையவில்லை, பார்வையையும் திருப்பவில்லை. மாமா முகம் வாடியது. தொழுகை முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்து, “படிச்ச புள்ளையா இருந்தும் சலாத்துக்குப் பதில் சொல்லத் தெரியலையே” என்றார். நண்பரோ வெளியில் வந்ததும் நம்மிடம், “உங்க மாமா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா குத்பா நேரத்துல எப்படிப் பேசுறது?” என்று வருந்தினார். இருவரும் நன்மையையே நாடினர், இருவரும் புண்பட்டனர்.

உண்மையில் இருவரும் தத்தம் வழியில் வழுவாதவரே எனலாம். மாமாவிடம் மட்டும் ஒரு சிறு குறை. ஹனஃபி வழியில் உரையின்போது பேச்சு முற்றிலும் விலக்கப்பட்டது. சலாத்திற்கு மறுமொழியும் அவ்விலக்கினுள் அடங்கும். ஷாஃபியீ அறிஞர்களின் தேர்ந்த கருத்தில் அவ்வேளைப் பேச்சு வெறுக்கத்தக்கதேயன்றி விலக்கப்பட்டதன்று. எனவே, வருபவர் சலாம் கூறாதிருத்தலே நன்று. கூறிவிட்டாலோ கேட்டவர் மறுமொழி கூறியாகவேண்டும் என்பர். மாமா மறுமொழியை எதிர்பார்த்தது அவ்வழி பற்றியே. அவர் மறந்தது முதற்பகுதியை. பின்னர் மாலையில் நம் இல்லத்தில் தேநீர் அருந்தும்போது இருவர்க்கும் இதனை எடுத்துரைத்தோம். மாமா எழுந்து, “அப்ப வெள்ளிக்கிழமைக் கணக்கை இப்பத் தீர்த்துக்கிடுவோம்” என்று கூறி, நண்பரின் இருகைகளையும் பற்றிச் சலாம் உரைத்தார். அந்த மறுமொழி உரத்து வந்தது.

காத்திருக்கச் சொல்லும் தொழுகையே, காத்திருந்த முகமனுக்கு ஓர் இடத்தையும் அமைத்துவைத்துள்ளது. தொழுகையை விட்டு வெளிவரும் வாயில் சலாம். வலப்பக்கம் முகம் திருப்பி ஒருமுறையும், இடப்பக்கம் திருப்பி ஒருமுறையும் கூறுகிறோம். அப்போது வானவரோடு தம் பக்கத்தில் உள்ள மக்களையும் எண்ணிக் கூறுதல் வேண்டும் எனச் சட்ட அறிஞர் உரைப்பர். வரும்போது கூறாது விட்ட முகமன், முடிவில் அனைவர்க்கும் உரியதாகி வெளிப்படுகிறது. ஆயினும் அக்கணமே கையை நீட்டிவிடுதல் கூடாது. பக்கத்திலிருப்பவர் தாமதமாக வந்து, விட்டுப்போன ரக்அத்தை எழுந்து நிறைவு செய்துகொண்டிருக்கலாம். அல்லது விரல் மடித்துத் திக்ரு எண்ணிக்கொண்டிருக்கலாம். அவர் எழுந்து ஹவுலின் பக்கமோ செருப்பின் பக்கமோ நடக்கத் தொடங்கும்போது நமது நேரம் வருகிறது.

நம் நகரின் பனிமய மாதா பேராலயத்திற்குச் செல்லும் கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது, தம் வழிபாட்டிலும் இத்தகைய இடம் உண்டு என்றார். திருப்பலியில் கர்த்தர் கற்பித்த செபத்திற்குப் பின் ஒருவருக்கொருவர் அமைதி வாழ்த்துக் கூறும் கட்டம் வருகிறது. மேனாட்டார் கைகுலுக்கும் அவ்விடத்தில் கைகூப்புதலை, 1969ஆம் ஆண்டு இந்தியத் திருச்சபைக்கு இசைவளிக்கப்பட்ட வழக்கங்கள் இடம்பெறச் செய்தன. அக்கட்டத்திலும் இருக்கையை விட்டெழுந்து நண்பரைத் தேடி நடக்கலாகாது, அருகிருப்பவர்க்கு மட்டும் வாழ்த்துக் கூறுக என 2014ஆம் ஆண்டு உரோமையிலிருந்து சுற்றறிக்கை ஒன்று நினைவூட்டியது. தொலைவில் அமர்ந்திருக்கும் உறவினர் வாசல் வரை காத்திருக்கவே வேண்டும். கூடம் வேறாயினும் முறை ஒன்றாயிருப்பது கண்டு இருவரும் மகிழ்ந்தோம்.

திரையரங்கைப் பற்றி இம்மலரில் எழுதலாமோ என்று சற்றுத் தயங்கினோம். ஆயினும் மாணவர் வினவியது மூன்று இடங்களையும் பற்றித்தான். திரையரங்கில் ஓசைக்குப் பஞ்சமில்லை. அங்குக் கிசுகிசுத்தால் கேட்காது, கேட்கும்படி கூறினால் படத்தின் மௌனமான கட்டத்தில் அகப்பட்டுக்கொள்ளும். அங்குச் சிக்கல் ஓசையைவிட ஒளியைச் சார்ந்தது. சில ஆண்டுகட்கு முன் குடும்பத்தாருடன் ஒரு பிற்பகல் காட்சிக்குச் சென்றோம். நமக்கு முன் வரிசையில் நம் மாணவர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் திரும்பிப் பார்த்து, நம்மை அறிந்து, வகுப்பில் எழுவதுபோல் சட்டென எழுந்து நின்று ‘வணக்கம் ஐயா’ என்றார். பின்னிருந்து வந்த ஒளி அவர் தலையில் பட்டு, திரையில் கதாநாயகியின் முகத்தை ஒரு பெருநிழல் மறைத்தது. நாற்புறமும் சீழ்க்கை ஒலித்தது. “யாருப்பா அது, உக்காரு!” என்னும் குரல்களுக்கிடையே நாம் கூறிய மறுமொழி யார் காதிலும் விழவில்லை. அரங்கிலிருந்த அத்தனை பேரும், அவர் வணங்கிய பேராசிரியர் யார் என்று திரும்பிப் பார்த்ததே கண்ட பயன்.

மற்றொரு மாணவர் திரும்பவே இல்லை. அவர் கழுத்து விறைத்திருந்ததிலிருந்து நம்மை அறிந்துகொண்டார் என்பது தெரிந்தது. அன்று காலைதான் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். இடைவேளையில் விளக்குகள் எரிந்தபோது முதல் மாணவர் வந்து முறையாக நம் குடும்பத்தாரை நலம் வினவினார். அதற்கென்றே அமைந்ததுபோன்ற நேரம் அது. இரண்டாமவர் அந்நேரம் எங்கோ மறைந்திருந்தார். மறுநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டு, வழக்கத்தினும் பணிவாகச் சலாம் உரைத்தார். நாமும் மறுமொழி கூறி, “காய்ச்சல் எப்படி?” என்று மட்டும் வினவினோம். இருட்டில் இருப்பவரை முகமன் கூறி வெளிச்சத்திற்கு இழுத்தல் எப்போதும் அன்பாகாது. சிலர் காணப்படாதிருக்கவே அங்கு வருகின்றனர். அவரே நம் பக்கம் திரும்பிப் பார்வையைத் தந்தால் தலையசைக்கலாம். தராவிடில் நாளை வரை பொறுக்கலாம்.

இவ்வாறு மூன்று இடங்களையும் எண்ணும்போது, நம் தாய்வழிப் பாட்டனார் கூறியதொரு செய்தி நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முற்பட்ட குளிப்புகளில் அவர் படகில் கயிறு பிடிப்பவராக இருந்தார். குளிப்பவர் கனத்த கல்லின் துணையால் அடிநிலம் சென்று, மூச்சடக்கியவாறே சிப்பிகளை அள்ளிக் கூடையில் இடுவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் அவருக்கும் மேலுள்ளவர்க்கும் இடையே கயிறு ஒன்றே உறவு. மேலிருப்பவர் தம் விருப்பத்திற்குக் கயிற்றை இழுத்தல் கூடாது. கீழுள்ளவர் அசைத்தால் இழுக்க வேண்டும். ஆனால் இழுக்கவில்லை என்பதற்காகக் கயிற்றை விட்டுவிட்டு வெற்றிலை போடச் செல்லவும் கூடாது. “கையில கயிறு இருக்கணும், கண்ணு தண்ணியில இருக்கணும்” என்பார் பாட்டனார்.

கன்னிமாராவில் நாம் செய்த பிழை இப்போது விளங்குகிறது. காத்திருந்தது பிழையன்று, கயிற்றை விட்டதே பிழை. மூழ்கியிருப்பவரைக் கலைக்காது விட்டோம், சரி. ஆனால் நாமும் மூழ்கிவிட்டோம். அன்று வேறொரு வழி இருந்தது. எழுதி அனுப்பிய சலாமும் சலாமே; படித்தவர்மீது மறுமொழிக் கடமை உண்டு என்று முன் கூறிய நவவியும் எழுதியுள்ளார். நம்மிடம் தாளும் எழுதுகோலும் இருந்தன. ‘அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மாணவன், இதே கூடத்தில் இருக்கிறேன். முடித்ததும் வாயிலில் காத்திருப்பேன்’ என்று மூன்று வரி எழுதி, அவர் எடுத்துவைத்திருந்த அடுத்த நூலின்மேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். விரல் வரியினின்று அகலாது. வரி முடிந்ததும் கண் தாளில் விழும். மறுமொழிக்குரிய நேரத்தை அவரே தேர்ந்துகொள்வார். இன்றைய மாணவர்க்குத் தாள்கூட வேண்டுவதில்லை. ஒலி அடக்கிய கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி போதும்.

துக்கம் விசாரிக்க ஆசிரியர் இல்லத்திற்குச் சென்றபோது அவர்தம் மகனிடம் இதனைக் கூறினோம். சென்னையில் கண்டும் சலாம் சொல்லாது விட்டுவிட்டோம் என்று கூறும்போதே நாக்குத் தழுதழுத்தது. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின் கூறினார்: “வாப்பாவும் உங்களைப் பார்த்தாஹ. ஊருக்கு வந்து சொன்னாஹ. ‘நம்ம பையன் ஒருத்தன் அங்க உக்காந்து படிச்சிக்கிட்டிருந்தான், தலையே நிமிரலை, கெடுக்க வேண்டாம்னு பேசாம வந்துட்டேன்’னு சொன்னாஹ. சந்தோஷமாத்தான் சொன்னாஹ.”

அவர் நம் நாற்காலியைக் கடந்துதான் வெளியே சென்றிருக்க வேண்டும். நாம் அவரைக் கலைக்க அஞ்சியவாறே அவரும் நம்மைக் கலைக்க அஞ்சினார். ஆசிரியரும் மாணவரும் ஒரே பாடத்தைச் சரியாகப் படித்து ஒரே இடத்தில் தவறியிருக்கிறோம்.

இப்போது நூலகத்திற்குச் செல்லும்போது சட்டைப்பையில் வெற்றுத்தாள் சிலவற்றை மடித்து வைத்துக்கொள்கிறோம். அறிந்தவர் மூழ்கியிருக்கக் கண்டால் எழுதி வைத்துவிட்டு, அவர் எழும்போது நம் கண்ணில் படும் இருக்கையாகப் பார்த்து அமர்கிறோம். இவ்வாண்டு நம்மிடம் வினவிய மாணவர்க்கு நாம் கூறாது விட்ட மறுபாதி இதுவே. அவர் இதனைப் படிக்கும்போது வேறெதிலும் மூழ்கியிருக்கமாட்டார் ஆதலின், இங்கேயே அவருக்கு நம் சலாமையும் உரைத்துவிடுகிறோம். மறுமொழியை அவர் கல்லூரி வாயிலில், உரத்த குரலிலேயே கூறலாம்.